வாயுக் கலவையின் காமா: மோல் எண்ணுவதிலிருந்து வேலை கணக்கிடுவது வரை

சுங்கை சிப்புட்டில் வாரம் இரண்டு மாலை, ஆறாம் படிவ மாணவர்களுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். எஸ்டிபிஎம் முதல் தவணையில் வாயுக்களின் இயக்கவியல் பாடம் வரும்போது ஒற்றை வாயுக் கணக்கைப் பெரும்பாலான பிள்ளைகள் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். இரண்டு வாயுக்களைக் கலந்து கொடுத்தால்தான் தடுமாறுகிறார்கள். ஒன்றின் காமா 1.67, இன்னொன்றின் காமா 1.40, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடுகிறார்கள். அது தவறு. ஏன் தவறு என்று புரிந்தால் இந்தப் பாடத்தின் மற்ற கணக்குகளும் பிடிபட்டுவிடும். அதனால் ஒரே ஒரு கேள்வியை எடுத்து, நான் வகுப்பில் போடும் வரிசையிலேயே இங்கே போட்டுக் காட்டுகிறேன்.

கேள்வி இதுதான். வெப்பம் கடத்தாத சுவருள்ள உருளை ஒன்றில் 4 கிராம் ஹீலியமும் 56 கிராம் நைட்ரஜனும் 300 K வெப்பநிலையில் உள்ளன. பிஸ்டனை மெதுவாக அழுத்திக் கனஅளவைப் பாதியாக்குகிறோம். நைட்ரஜன் மூலக்கூறு அதிர்வதில்லை என்று கொள்க. கலவையின் காமா என்ன? இறுதி வெப்பநிலை என்ன? வாயுவின் மீது செய்த வேலை எவ்வளவு?

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

மூன்று செய்திகள் போதும். முதலாவது, வாயுச் சமன்பாடு `PV = nRT`. இரண்டாவது, ஆற்றல் சமபங்கீட்டு விதி: ஒரு மூலக்கூறின் ஒவ்வொரு சுதந்திர இயக்கக் கூறுக்கும் சராசரியாக `kT/2` ஆற்றல் சேரும், ஒரு மோலுக்கு அது `RT/2`. பள்ளியில் மலாயில் டார்ஜா கெபெபாசான் என்று படித்தது இந்தச் சுதந்திர இயக்கக் கூறைத்தான். அதன் எண்ணிக்கையை f என்று எழுதுவோம். மூன்றாவது, வெப்ப இயக்கவியலின் முதல் விதி.

காமா என்பது Cp-ஐ Cv-ஆல் வகுத்து வருவது. இந்தக் கட்டுரையில் Cv, Cp இரண்டும் ஒரு மோலுக்கான வெப்ப ஏற்புத்திறன். கிலோகிராமுக்கானது என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் குழம்பிவிடும்.

1. முதலில் கிராமை மோலாக மாற்றுங்கள்

வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்யச் சொல்வேன். ஆற்றல் மூலக்கூறுகளுக்குத்தான் பங்கிடப்படுகிறது, கிராம்களுக்கு அல்ல. கனமான மூலக்கூறுக்கு அதிகப் பங்கு, லேசானதுக்குக் குறைந்த பங்கு என்ற பேச்சே சமபங்கீட்டு விதியில் இல்லை. ஆகவே எத்தனை மூலக்கூறுகள் உள்ளன என்பதே நமக்கு வேண்டும்.

ஹீலியம் 4 கிராம் என்றால் 1 மோல். நைட்ரஜன் 56 கிராம் என்றால் 2 மோல், ஏனென்றால் நைட்ரஜன் வாயு N₂, அதன் மோலார் நிறை 28 கிராம். போன மாதம் ஒரு மாணவி ஆவர்த்தன அட்டவணையைப் பார்த்து 14-ஆல் வகுத்து 4 மோல் என்று எழுதியிருந்தாள். அதன் பிறகு அவள் போட்ட ஒவ்வொரு படியும் சரி, கடைசி விடை மட்டும் தவறு. அட்டவணையில் இருப்பது அணுவின் நிறை. உருளைக்குள் ஓடுவது இரண்டு அணுக்கள் ஒட்டிய மூலக்கூறு. விடைத்தாளின் முதல் வரியில் He, N₂ என்று வாய்பாட்டை எழுதிவிட்டு மோலைக் கணக்கிட்டால் இந்தப் பிழை வராது.

2. ஒவ்வொரு வாயுவுக்கும் f-ஐ எண்ணுங்கள்

மனப்பாடம் செய்த அட்டவணையை நம்ப வேண்டாம், எண்ணிப் பாருங்கள். எங்கள் வகுப்பில் இதற்குச் செம்பனைப் பழமும் சாத்தே குச்சியும் வைத்திருக்கிறேன். தோட்டத்திலிருந்து வரும் பையன் உதிர்ந்த பழம் நாலைந்து கொண்டுவருவான். கையெல்லாம் ஆரஞ்சு நிற எண்ணெய் ஒட்டும், பழைய செய்தித்தாளைக் கீழே விரித்துக்கொள்வோம்.

ஒற்றைப் பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஹீலியம் அணு. இடம் வலமாக, முன் பின்னாக, மேல் கீழாக என்று மூன்று வழியில் நகர்த்தலாம். f = 3.

குச்சியின் இரு முனையிலும் ஒரு பழத்தைக் குத்துங்கள். அது நைட்ரஜன். நகர்வதற்கு அதே மூன்று வழி. அதோடு குச்சியின் நடுவைப் பிடித்துக் கடிகார முள்போலச் சுற்றலாம், அதற்குக் குறுக்கே இன்னொரு தளத்திலும் சுற்றலாம். இரண்டு சுழற்சி. ஆக f = 5.

இந்த இடத்தில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் குச்சியை விரல்களுக்கிடையே உருட்டிக் காட்டி, "இப்படியும் சுத்துதே சார், இது ஆறாவது இல்லையா?" என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். பழத்துக்குப் பருமன் இருக்கிறது, அதனால் உருட்டும்போது அதன் நிறை அச்சைச் சுற்றி வருகிறது. ஆனால் அணுவின் நிறை ஏறக்குறைய முழுவதும் அதன் கருவில் இருக்கிறது. கருவின் அகலமோ அணுவின் அகலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு கருக்களும் அந்த அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. அந்த அச்சைப் பொறுத்த நிலைமத் திருப்புத்திறன் மிக மிகச் சிறியது. குவாண்டம் விதிப்படி, நிலைமத் திருப்புத்திறன் எவ்வளவு சிறியதோ, சுழற்சியைத் தொடங்கிவைக்கத் தேவையான ஆற்றல் அவ்வளவு பெரியது. சாதாரண வெப்பநிலையில் மூலக்கூறுகள் மோதிக்கொள்ளும்போது அந்த ஆற்றல் கிடைப்பதில்லை. அதனால் அந்தச் சுழற்சி பங்கு வாங்குவதில்லை, நாமும் எண்ணுவதில்லை.

மூன்று அணு மூலக்கூறுகளில் வடிவத்தைப் பார்க்க வேண்டும். நீராவி மூலக்கூறு வளைந்தது. குச்சிகளை V போலக் குத்திப் பார்த்தால் எந்த அச்சில் சுற்றினாலும் ஏதாவது ஒரு பழம் அச்சை விட்டு விலகியே நிற்கும். ஆகவே மூன்று சுழற்சி, f = 6. கார்பன் டை ஆக்சைடு ஒரே நேர்க்கோட்டில் நிற்பது, எனவே அதிர்வைச் சேர்க்காவிட்டால் அதற்கும் 5 தான். "மூன்று அணு என்றால் ஆறு" என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

3. மொத்த வெப்ப ஏற்புத்திறனைக் கூட்டுங்கள், காமாவைக் கூட்டாதீர்கள்

இந்தக் கணக்கின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. இரண்டு வாயுக்கள் ஒரே வெப்பநிலையில் ஒரே உருளையில் இருக்கும்போது எது எதோடு கூடும்? அக ஆற்றல் கூடும். ஹீலியத்தின் ஆற்றலும் நைட்ரஜனின் ஆற்றலும் சேர்ந்ததுதான் கலவையின் ஆற்றல். வெப்பநிலையை ஒரு கெல்வின் உயர்த்த ஹீலியத்துக்கு ஒரு பங்கு ஆற்றல் கொடுக்க வேண்டும், நைட்ரஜனுக்கு ஒரு பங்கு கொடுக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் கலவைக்கு வேண்டியது.

காமா ஆற்றல் அல்ல, இரண்டு அளவுகளின் விகிதம். விகிதத்தைச் சராசரி எடுத்தால் வெளிவரும் எண்ணுக்கு இங்கே ஒரு பொருளும் இல்லை.

ஒரு மோலுக்கு `Cv = (f/2)R`. எனவே:

```
He : 1 × (3/2)R = 1.5R
N2 : 2 × (5/2)R = 5.0R
மொத்தம்         = 6.5R
```

R-க்கு 8.314 என்று இப்போதே போட வேண்டாம். காமாவில் R அடிபட்டுப் போகும். அவசரப்பட்டு எண்ணைப் போட்டால் கால்குலேட்டரில் பிழை சேர்வதுதான் மிச்சம்.

4. Cp-க்குச் செல்லும்போது எல்லா மோலுக்கும் R சேர்க்கவும்

அழுத்தத்தை மாற்றாமல் சூடாக்கினால் வாயு விரியும், பிஸ்டனைத் தள்ளி வேலை செய்யும். ஒரு கெல்வினுக்கு, ஒரு மோல் செய்யும் அந்த வேலை சரியாக R. அது எந்த வாயு என்பதைப் பொறுத்ததல்ல, ஏனென்றால் `PV = nRT`-யில் f எங்குமே இல்லை. நம்மிடம் 3 மோல் இருக்கிறது. எனவே 3R சேர்க்க வேண்டும்.

```
மொத்த Cp = 6.5R + 3R = 9.5R
γ = 9.5 / 6.5 = 19/13 = 1.46
```

6.5R-உடன் ஒரே ஒரு R-ஐச் சேர்த்து 7.5R என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது. அப்படிச் செய்தால் காமா 1.15 வரும். `Cp = Cv + R` என்பது ஒரு மோலுக்கான வரி என்பதை மறந்ததால் வரும் பிழை இது.

5. விடை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்

அடுத்த பகுதிக்கு ஓடாமல் பத்து வினாடி நிறுத்துங்கள். கலவையின் காமா இரண்டு வாயுக்களின் காமாவுக்கும் நடுவில்தான் இருக்க முடியும். ஹீலியம் 1.67, நைட்ரஜன் 1.40, நம் விடை 1.46. மேலே சொன்ன 1.15 இந்தச் சோதனையில் உடனே மாட்டிக்கொள்ளும்.

ஆனால் எல்லாப் பிழையும் மாட்டாது. இரண்டு காமாவையும் கூட்டிப் பாதியாக்கினால் 1.53. மோல் எண்ணிக்கைப்படி சராசரி எடுத்தால் 1.49. கிராம்படி எடுத்தால் 1.42. நைட்ரஜனை 4 மோல் என்று எடுத்திருந்தால் 1.43. நான்குமே 1.40-க்கும் 1.67-க்கும் நடுவில் அழகாக உட்கார்ந்துகொள்கின்றன. அதனால் இந்தச் சோதனையில் தேறிவிட்டால் வழியும் சரி என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னொரு வழியில் சரிபார்க்கலாம். f-க்குச் சராசரி எடுப்பது முறையானது, ஏனென்றால் f ஆற்றலோடு நேரடியாகச் செல்கிறது. ஹீலியத்தின் ஒரு மோலுக்கு 3, நைட்ரஜனின் இரண்டு மோலுக்குத் தலா 5, ஆக மொத்தம் 13, மூன்றால் வகுத்தால் 13/3. இதை `γ = 1 + 2/f`-இல் போட்டால் 1 + 6/13, அதாவது 19/13. முதலில் வந்த அதே விடை.

6. இறுதி வெப்பநிலை

கேள்வியில் "மெதுவாக" என்ற சொல் இருக்கிறது. அதைக் கண்டதும் வெப்பநிலை மாறாத நிகழ்வு என்று முடிவுசெய்து 300 K என்றே எழுதிவிடும் மாணவர்கள் உண்டு. மெதுவாக அழுத்தினால் வெப்பம் வெளியேற நேரம் கிடைக்கும் என்பது சரிதான், ஆனால் சுவர் வெப்பத்தை விட்டால்தானே? இங்கே சுவர் வெப்பம் கடத்தாதது. எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் வெப்பம் உள்ளேயேதான் இருக்கும். "மெதுவாக" என்று சொன்னது, ஒவ்வொரு கணமும் வாயு சமநிலையில் இருக்கிறது, ஆகவே வாய்பாட்டைப் பயன்படுத்தலாம் என்று காட்டுவதற்கு.

சைக்கிள் பம்பில் இதற்கு நேர்மாறான நிலை. அதன் உலோகக் குழாய் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், ஆனால் நாம் வேகமாக அடிப்பதால் வெப்பம் வெளியேற நேரம் கிடைப்பதில்லை. இருபது முப்பது தடவை அடித்துவிட்டுக் குழாயின் அடிப்பகுதியை, டயர் வால்வுக்குப் போகும் பக்கத்தை, தொட்டுப் பாருங்கள், கை உணரும்.

வெப்பப் பரிமாற்றம் இல்லாத நிகழ்வில் வெப்பநிலைக்கும் கனஅளவுக்கும் உள்ள உறவு:

```
T1 × V1^(γ−1) = T2 × V2^(γ−1)
T2 = 300 × 2^(6/13) = 413 K
```

அடுக்கில் வருவது γ அல்ல, γ − 1. `PV^γ`-வை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு 2-இன் அடுக்காக 19/13 போட்டால் 826 K வரும். நினைவில்லை என்றால் `PV^γ` மாறாதது என்று எழுதி, P-க்குப் பதிலாக nRT/V போடுங்கள். ஒரு V அடிபட்டு அடுக்கு ஒன்று குறைவது கண்முன்னே தெரியும்.

கால்குலேட்டரில் 6/13 என்று பின்னமாகவே கொடுங்கள். காமாவை 1.5 என்று சுருக்கிவிட்டால் விடை 424 K ஆகிவிடும், பதினோரு கெல்வின் பிசகு.

சரிபார்க்க அழுத்தத்தைப் பாருங்கள். `PV^γ` வழியில் அழுத்தம் 2^(19/13) மடங்கு, அதாவது 2.75 மடங்கு உயர வேண்டும். வாயுச் சமன்பாட்டு வழியில் வெப்பநிலை 413/300 மடங்கு, கனஅளவு பாதி, எனவே 1.377-ஐ 2-ஆல் பெருக்கினால் அதே 2.75. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அடுக்கில் கோளாறு.

7. வேலை: கனஅளவு மாறினாலும் Cv தான்

இந்த இடத்தில் பேனா அப்படியே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். "கனஅளவு மாறுதே சார், எப்படி Cv போடுறது?" என்று கேட்பார்கள். பெயரில் "மாறாக் கனஅளவு" என்று இருப்பதால் வரும் தயக்கம்.

இலட்சிய வாயுவின் அக ஆற்றல் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. 300 K-இலிருந்து 413 K-க்கு எந்த வழியில் போனாலும் அக ஆற்றல் கூடும் அளவு ஒன்றுதான். மாறாக் கனஅளவில் சூடாக்கும்போது வேலை எதுவும் நடப்பதில்லை, கொடுத்த வெப்பம் முழுவதும் அக ஆற்றலாகிறது. அதனால்தான் அந்த அளவைக் கணக்கிட Cv பயன்படுகிறது. எந்த நிகழ்வாக இருந்தாலும் அக ஆற்றல் மாற்றத்துக்கு Cv தான்.

நம் நிகழ்வில் வெப்பம் உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. செய்த வேலை முழுவதும் அக ஆற்றலாகச் சேர்ந்துவிட்டது:

```
W = 6.5 × 8.314 × 113 = 6.11 × 10^3 J
```

6.5-இல் மோல்கள் ஏற்கெனவே அடங்கிவிட்டன. மறுபடி 3-ஆல் பெருக்கிவிடாதீர்கள். குறி பற்றியும் ஒரு சொல்: கேள்வி வாயுவின் மீது செய்த வேலையைக் கேட்கிறது, அதனால் நேர்க்குறி. வாயு செய்த வேலையைக் கேட்டிருந்தால் இதே எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி.

8. f-ஐ விட்டுவிட்டு 3 மட்டும் போட வேண்டிய இடம்

இதே கேள்வியோடு இன்னொரு பகுதியை ஒட்டுவது வழக்கம்: 300 K-இல் நைட்ரஜன் மூலக்கூறுகளின் சராசரி இருமடி மூல வேகம் என்ன? இவ்வளவு நேரம் 5, 5 என்று எழுதிவந்த கை இங்கேயும் 5 போட்டுவிடும்.

வேகம் என்பது நகர்வது மட்டும். சுழற்சியில் இருக்கும் ஆற்றல் மூலக்கூறை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகாது. நகர்வதற்கு எல்லா மூலக்கூறுக்கும் மூன்று வழிதான். எனவே `v = √(3RT/M)`. மோலார் நிறையைக் கிலோகிராமில், 0.028 என்று போட்டால் 517 m/s. 5 போட்டிருந்தால் 667 m/s வந்திருக்கும், பார்ப்பதற்கு நம்பும்படியாகவே இருக்கும்.

சராசரி இடப்பெயர்ச்சி இயக்க ஆற்றல் என்று கேட்டால் `(3/2)kT`. மொத்த அக ஆற்றல் என்று கேட்டால்தான் `(f/2)nRT`. கேள்வியில் அந்த ஒரு சொல்லுக்குக் கீழே கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

9. அதிர்வை எப்போது எண்ணுவது

நைட்ரஜனின் இரண்டு அணுக்களும் சுருள்வில்லால் இணைத்தது போல அதிரவும் கூடும். அப்படி அதிர்ந்தால் கூடுவது ஒன்றல்ல, இரண்டு: அதிர்வுக்கு இயக்க ஆற்றல் ஒன்று, நிலை ஆற்றல் ஒன்று. f ஏழாகும், காமா 9/7, அதாவது 1.29. அதிர்வுக்கு ஒன்று மட்டும் சேர்த்து ஆறு என்று எழுதுவது பரவலான பிழை.

அறை வெப்பநிலையில் ஏன் எண்ணுவதில்லை? நைட்ரஜனின் அதிர்வைத் தொடங்கிவைக்க ஏறக்குறைய 0.29 eV வேண்டும். 300 K-இல் kT வெறும் 0.026 eV. பதினோரு மடங்கு குறைவு. அதிர்வு முழுப் பங்கு வாங்க ஆயிரக்கணக்கான கெல்வின் வேண்டும். நம் கணக்கில் இறுதி வெப்பநிலை 413 K தான், எனவே அதிர்வை விட்டது நியாயமே.

கார்பன் டை ஆக்சைடு அப்படியல்ல. அதன் வளையும் அதிர்வுக்குக் குறைந்த ஆற்றல் போதும், அறை வெப்பநிலையிலேயே ஓரளவு விழித்துக்கொள்ளும். அதனால் எண்ணி வரும் 1.40-க்குப் பதிலாக, அளந்து பார்த்தால் சுமார் 1.30 கிடைக்கிறது. கேள்வியில் காமாவின் மதிப்பைக் கொடுத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்காமல் "அதிர்வு இல்லை" என்று சொல்லியிருந்தால் மட்டும் எண்ணுங்கள்.

10. தலைகீழாகக் கேட்டால்

ஹீலியமும் நைட்ரஜனும் கலந்த ஒரு கலவையின் காமா 1.50, மோல் விகிதம் என்ன என்று கேட்கலாம். அப்போது `f = 2/(γ − 1)` என்று தொடங்குங்கள். f = 4 வரும். நாம் எண்ணிய மூலக்கூறுகளில் நான்கு கூறு உள்ளது எதுவும் இல்லை, அதைக் கண்டு சிலர் கணக்கே தவறு என்று அடித்துவிடுகிறார்கள். இது ஒரு மூலக்கூறின் எண்ணிக்கை அல்ல, கலவையின் சராசரி. 3-க்கும் 5-க்கும் சரியாக நடுவில் 4 நிற்க வேண்டுமானால் இரண்டு வாயுவும் சம மோல்.